பெட்டியில் 10,000, இலாபம் 74,000

"பி.காம். முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு என்பதால் கணக்குப்பதிவியல் எனக்குப் புதிது. முதல் வகுப்பிலேயே 'கணக்கியல் வணிகத்தின் மொழி' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். கூட்டலும் கழித்தலும்தானே இருக்கிறது, இதை ஏன் மொழி என்கிறார்கள்? யாராவது புரியும்படி சொல்லுங்களேன்."

கல்லூரியில் நிதியியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் முதல் வாரத்தில் இதைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசுவேன். அதையே இங்கே எழுதுகிறேன். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவே சில தொகைகளை நீங்களே போட்டுப் பார்த்தால்தான் விஷயம் கைக்கு வரும்.

ஈரோட்டில் ஓர் அக்கா பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று தன் சேமிப்பிலிருந்து 2,00,000 ரூபாய் போடுகிறார். வங்கியில் இன்னொரு 2,00,000 கடன் வாங்குகிறார். ஆறு தையல் மெஷின்கள் 1,20,000. கடைக்கு அட்வான்ஸ் 50,000. துணி வியாபாரியிடம் 2,40,000 ரூபாய்க்குத் துணி எடுக்கிறார். அதில் 1,40,000 கையில் கொடுத்துவிட்டு, மீதி 1,00,000 ஜூலையில் தருவதாகச் சொல்கிறார்.

மூன்று மாதம் ஓடுகிறது. தைப்பவர்களுக்குக் கூலி 90,000, கடை வாடகை 24,000, வங்கி வட்டி 6,000, எல்லாம் கொடுத்தாகிவிட்டது. தைத்த சீருடைகள் மொத்தம் 4,00,000 ரூபாய்க்கு விற்றுவிட்டன. அதில் 40,000 ரூபாய்க்கு வாங்கியவர்கள் கடைக்கு வந்து கையில் பணம் கொடுத்தவர்கள். 3,60,000 ரூபாய்க்கு வாங்கியது ஒரு பள்ளி. அந்தப் பள்ளி இதுவரை 60,000தான் கொடுத்திருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அக்கா மாதம் 20,000 எடுத்திருக்கிறார். ஜூன் 30 இரவு கடையில் 40,000 ரூபாய்த் துணி வெட்டாமல் மிச்சம் இருக்கிறது. தைத்த உருப்படி எதுவும் தேங்கவில்லை. ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அதற்குத் தனியாக ஒரு பருவமே வரும்.

அன்றிரவு பணப்பெட்டியைத் திறந்து எண்ணுகிறார். 10,000 ரூபாய் இருக்கிறது.

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, "மூன்று மாதத்தில் அக்கா சம்பாதித்தாரா, இழந்தாரா?" என்று கேட்பேன். ஒரு பிள்ளை, "சார், 4,00,000 போட்டு 10,000 மிஞ்சினால் பெரிய நட்டம்" என்பான். இன்னொருத்தி, "4,00,000க்கு விற்றிருக்கிறாரே, நல்ல வியாபாரம்தான்" என்பாள். "மெஷினும் துணியும் இருக்கிறதே, அதையும் பார்க்க வேண்டாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். மூன்று பேரும் பார்ப்பது ஒரே கடையைத்தான். ஒருவர் பெட்டியைப் பார்க்கிறார், ஒருவர் பில் புத்தகத்தைப் பார்க்கிறார், ஒருவர் கடைக்குள் கண்ணை ஓட்டுகிறார். ஆளுக்கொரு பதில் வருகிறது. துணி வியாபாரியும் வங்கி மேனேஜரும் அக்காவின் வீட்டுக்காரரும் கேட்டாலும் இதே குழப்பம்தான் வரும். எல்லோரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் புரிந்துகொள்ள வழி இல்லாதவரை இந்தக் கடையைப் பற்றிப் பேசவே முடியாது. மொழி என்ற சொல் இந்த இடத்தில்தான் வருகிறது.

இந்த மொழி எங்கே எழுத்துக்கு வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்ற துறவி ஒரு கணித நூலை அச்சிட்டார். அதில் ஒரு பகுதி வெனிஸ் வணிகர்கள் கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே இத்தாலிய வணிகர்களிடம் அது புழக்கத்தில் இருந்தது. அவர் அதை ஒழுங்காக எழுதி வைத்தார். மூன்று புத்தகங்கள் வேண்டும் என்கிறார். முதலாவதில் நடந்ததை நடந்தபடி, எந்த நாணயத்தில் நடந்ததோ அந்த நாணயத்திலேயே எழுதலாம். வெனிஸ் கடைக்குப் பல ஊர்க் காசும் வரும் அல்லவா! பிறகு அதை ஒழுங்குபடுத்திக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கடைசியாகப் பேரேட்டுக்குப் போகும்போது தொகை எல்லாம் ஒரே நாணயத்துக்கு வந்திருக்க வேண்டும். பல ஊர்ப் பேச்சை ஒரே மொழிக்குக் கொண்டுவரும் வேலை அது. உங்கள் பாடப்புத்தகத்தில் இன்றைக்கும் குறிப்பேடு, பேரேடு என்று அதே வரிசை இருக்கிறது.

சரி, மொழி என்றால் இலக்கணம் வேண்டும். கணக்கியலின் இலக்கணம் பற்று, வரவு என்ற இரண்டு சொற்களில் நிற்கிறது. தமிழில் படிக்கும் பிள்ளைகள் இடறுவதும் இங்கேதான். வீட்டு நோட்டில் அம்மா 'வரவு செலவு' என்று இரண்டு பத்தி போட்டு, சம்பளம் வந்தால் வரவு என்று எழுதுவார். கல்லூரிக்கு வந்தால், பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்கிறோம். தலைகீழாக இருக்கிறதே என்று பாதி வகுப்பு அன்றைக்கே மனத்தளவில் வெளியே போய்விடுகிறது. அந்தக் குழப்பத்தை அப்படியே விட்டுவிட்டு விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் நாம் செய்யும் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

மளிகைக் கடைக்குப் போங்கள். "என் பேரில் பற்று எழுதிக்கோங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் நோட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கும். பொருளை வாங்கிப் போனால் பற்று. அவர் பணம் கொண்டுவந்து கொடுத்தால் வரவு. அந்தப் பக்கத்தில் எழுதப்படுவது ஒரே ஆளைப் பற்றிய செய்திதான். அவர் எவ்வளவு பெற்றார், எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் அது. பெற்றது பற்று, கொடுத்தது வரவு.

இரட்டைப் பதிவு முறை இந்த மளிகை நோட்டை எடுத்து, ஆட்களுக்கு மட்டும் அல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் கொடுக்கிறது. பணப்பெட்டிக்கு ஒரு பக்கம், மெஷினுக்கு ஒரு பக்கம், துணிக்கு ஒரு பக்கம், வங்கிக்கு ஒரு பக்கம். கடை போட்ட அக்காவுக்கே ஒரு பக்கம். இப்போது பணப்பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி 60,000 கொடுத்தபோது பெட்டி பெற்றுக்கொண்டது. ஆகவே பெட்டியின் பக்கத்தில் பற்று 60,000. கொடுத்தது பள்ளி. ஆகவே பள்ளியின் பக்கத்தில் வரவு 60,000. வீட்டு நோட்டில் 'வரவு' என்று எழுதும்போது உங்களுக்குப் பணம் வந்தது என்று சொல்கிறீர்கள். பேரேட்டில் 'வரவு' என்று எழுதும்போது இந்தப் பெயருக்குரியவரிடமிருந்து வந்தது என்று சொல்கிறீர்கள். சொல் ஒன்றுதான். யாருடைய பக்கத்தில் நின்று சொல்கிறோம் என்பது மாறுகிறது. 'நான் கொடுத்தேன்', 'நீ வாங்கினாய்' என்று ஒரே நிகழ்ச்சியை இரண்டு இடத்திலிருந்து சொல்வது போலத்தான் இதுவும்.

உங்கள் போனுக்கு வங்கியிலிருந்து வரும் செய்தியும் இப்போது விளங்கும். கணக்கில் 5,000 போட்டால் 'கிரெடிட்' ஆனது என்று வருகிறது. அது வங்கியின் பேரேட்டில் உங்கள் பக்கத்தில் எழுதிய வாக்கியம். நீங்கள் கொடுத்தீர்கள், ஆகவே உங்கள் பெயரில் வரவு. வங்கி உங்களுக்கு 5,000 தர வேண்டியிருக்கிறது என்று பொருள். அதே நிகழ்ச்சியை உங்கள் சொந்தக் கணக்கில் எழுதினால் வங்கிதான் பெற்றது. ஆகவே வங்கிக் கணக்கில் பற்று. இரண்டும் சரி. வங்கி அறிக்கையையும் நம் வங்கிப் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் உங்களுக்கு வரும். அதன் பாதி உயிர் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

இலக்கணத்தில் இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடை வேறு, அக்கா வேறு. அக்கா போட்ட 2,00,000 கடையைப் பொறுத்தவரை அக்காவிடம் பெற்றது. அதற்கு முதல் என்று பெயர். வீட்டுக்கு எடுத்த 60,000 கடையின் செலவாகாது. அக்கா தன் முதலிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்கு எடுப்புகள் என்று பெயர். இந்தக் கோட்டைப் போடாத கடைகளில், வியாபாரம் நட்டமா வீட்டுச் செலவு அதிகமா என்று கடைசி வரை தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்த பல சின்னக் கடைகள் இந்த ஒன்றைச் செய்யாமல்தான் தடுமாறின.

இப்போது அக்காவின் மூன்று மாதத்தை இந்த மொழியில் வாசிப்போம். முதலில் இலாப நட்டக் கணக்கு. விற்பனை 4,00,000. பள்ளி இன்னும் முழுப் பணம் தரவில்லை என்றாலும் சீருடையைக் கொடுத்தாகிவிட்டது, பில் போட்டாகிவிட்டது, வாங்கியவர்கள் தர வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். ஆகவே முழுத் தொகையும் விற்பனைதான். இதற்கு எதிராக இந்த விற்பனைக்காகக் கரைந்தவற்றை மட்டும் வைக்க வேண்டும். 2,40,000 ரூபாய்த் துணி வாங்கினாலும் 40,000 மிச்சம் இருப்பதால் கரைந்தது 2,00,000தான். கூலி 90,000. வாடகை 24,000. வட்டி 6,000. மெஷின்?

மெஷினுக்குக் கொடுத்த 1,20,000 முழுவதையும் இந்த மூன்று மாதத்தின் தலையில் கட்டினால் நியாயம் இல்லை. அது ஐந்து வருடம் உழைக்கும் என்று அக்கா கணிக்கிறார். ஐந்து வருடத்தில் இருபது காலாண்டுகள். ஆகவே இந்தக் காலாண்டின் பங்கு 6,000. இதுதான் தேய்மானம். எந்த மெஷினிலிருந்தும் 6,000 ரூபாய் நோட்டு வெளியே போகவில்லை. ஆனாலும் அது செலவு. மொழியில் காலம் என்று படித்திருப்பீர்கள், இறந்தகாலம் நிகழ்காலம் என்று. கணக்கியலுக்கும் அது உண்டு. ஏப்ரலில் கொடுத்த பணம் எந்த மாதத்துக்குரிய செலவு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கரைந்தது மொத்தம் 3,26,000. விற்பனை 4,00,000. இலாபம் 74,000.

பெட்டியில் 10,000, இலாபம் 74,000. இரண்டும் உண்மை. எப்படி என்பதற்கு இருப்புநிலைக் குறிப்பு பதில் சொல்கிறது. அக்காவின் கடைக்கு ஜூன் 30 அன்று சொந்தமாக இருப்பவை இவை:

ரொக்கம் 10,000
பள்ளி தர வேண்டியது 3,00,000
துணி இருப்பு 40,000
மெஷின்கள், தேய்மானம் போக 1,14,000
கடை அட்வான்ஸ் 50,000
மொத்தம் 5,14,000

இவை எல்லாம் யாருடைய பணத்தில் நிற்கின்றன?

துணி வியாபாரிக்குத் தர வேண்டியது 1,00,000
வங்கிக் கடன் 2,00,000
அக்காவின் முதல் 2,14,000
மொத்தம் 5,14,000

அக்காவின் முதல் எப்படி 2,14,000 ஆனது? போட்டது 2,00,000, இலாபம் 74,000, வீட்டுக்கு எடுத்தது 60,000. கூட்டிக் கழித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்ததில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பெற்றவர் பக்கத்தில் ஒருமுறை, கொடுத்தவர் பக்கத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை எழுதினோம். எழுதும்போதே சமமாக எழுதியதால் கூட்டும்போதும் சமமாக வருகிறது.

இனிதான் மொழியின் பயன் தெரியும். இந்த ஒரு தாளை மூன்று பேர் வாசிக்கட்டும். துணி வியாபாரி முதலில் ரொக்கத்தைப் பார்ப்பார். எனக்கு ஜூலையில் 1,00,000 வர வேண்டும், பெட்டியில் 10,000தானே இருக்கிறது என்று அடுத்த சரக்கை அனுப்பத் தயங்குவார். வங்கி மேனேஜர் பள்ளி தர வேண்டிய 3,00,000இல் விரலை வைத்து, "பில் போட்டு எத்தனை நாள் ஆச்சும்மா? எப்போ தர்றதா எழுதிக் கொடுத்திருக்காங்களா?" என்று கேட்பார். கடையின் சொத்தில் பாதிக்கு மேல் ஒரே பள்ளியிடம் இருக்கிறது என்பது அவர் கண்ணில் உடனே படும். அக்கா தானே வாசித்தால், மூன்று மாதத்தில் 74,000 சம்பாதித்து 60,000 வீட்டுக்கு எடுத்திருக்கிறேன், தொழிலுக்கு விட்டுவைத்தது 14,000தான் என்று தெரிந்துகொள்வார். கடைக்குள் ஒருநாள்கூடக் கால் வைக்காத வங்கி மேனேஜருக்கு அந்தக் கடையின் பலமும் பயமும் ஒரே தாளில் புரிந்துவிடுகிறது. அக்காவோடு அவர் பேசியிருக்கவே வேண்டியதில்லை.

நன்றாக நடக்கும் தொழில்கள் பணம் இல்லாமல் மூடப்படுவதும் இப்படித்தான். இலாபம் வந்துகொண்டே இருக்கும், அது எல்லாம் வாடிக்கையாளர் பெயரில் நிற்கும். சம்பளமும் வாடகையும் ரொக்கமாகத்தான் கேட்கும். இலாபத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கடைசி வாரத்தில்தான் தெரியவரும். இந்தக் காரணத்தால்தான் பெரிய நிறுவனங்கள் ரொக்க ஓட்ட அறிக்கை என்று மூன்றாவதாக ஒன்றையும் தர வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு இந்த மொழியின் குறைகளையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

பேரேட்டின் எல்லாப் பக்கங்களையும் கூட்டி, பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு இருப்பாய்வு என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கம் விட்டுப்போனால் அது காட்டிக்கொடுக்கும். எண்ணை இடம் மாற்றி எழுதினாலும் காட்டிக்கொடுக்கும். 24,000ஐ ஒரு பக்கத்தில் 42,000 என்று எழுதினால் வித்தியாசம் 18,000. இப்படி இடம் மாறிய எண்ணால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். பழைய கணக்கர்கள் வித்தியாசம் வந்தவுடன் முதலில் 9ஆல் வகுத்துப் பார்ப்பது அதனால்தான். நீங்களும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு அறையில் நேரம் மிச்சமாகும்.

ஆனால் இலக்கணம் சரியாக இருக்கும் வாக்கியம் பொய்யாக இருக்கலாம். 'நான் நேற்று நிலாவுக்குப் போய் வந்தேன்' என்பதில் எழுவாயும் பயனிலையும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. அக்கா இன்னொரு கடன் கேட்கப் போகிறார், இலாபத்தைக் கூட்டிக் காட்ட ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். கூலி 90,000இல் 40,000ஐ எடுத்து மெஷின் பக்கத்தில் பற்று எழுதிவிடுகிறார். இப்போது கூலிச் செலவு 50,000. இலாபம் 74,000லிருந்து 1,14,000 ஆகிவிட்டது. மெஷின்களின் மதிப்பு 1,54,000 என்று நிற்கிறது. இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் 5,54,000. அச்சாகச் சமம். இருப்பாய்வு வாயே திறக்காது.

இதை உலகம் பார்க்கச் செய்தது அமெரிக்காவின் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம். மற்ற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்த அது கட்டணம் கட்டி வந்தது. அது அன்றாடச் செலவு, நம் அக்காவின் கூலி மாதிரி. அதை எடுத்துச் சொத்துப் பக்கத்தில் எழுதினார்கள். 2002 ஜூனில் 380 கோடி டாலருக்கு மேல் இப்படி மாற்றி எழுதியிருப்பது வெளியே வந்தது. அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு போட்டது. கண்டுபிடித்தவர்கள் அதே நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி மிக எளிது. சொத்து என்று இவ்வளவு பெரிய தொகை எழுதியிருக்கிறதே, அந்தச் சொத்து எங்கே, அதற்கான தாள் எங்கே? தாள் இல்லை.

நம் அக்காவின் கடையிலும் கண்டுபிடிக்கும் வழி அதுதான். நோட்டில் கூட்டல் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. கடைக்குள் போய் மெஷின்களை எண்ண வேண்டும். ஆறுதான் இருக்கின்றன, ஆறுக்கும் பில் 1,20,000தான், நோட்டில் எப்படி 1,54,000 என்று கேட்க வேண்டும். தணிக்கை என்ற தொழிலே இதற்காக வந்தது. எழுதியிருக்கும் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய் உலகத்தோடு ஒட்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை.

பொய் சொல்ல நினைக்காதவர்களுக்கும் இந்த மொழியில் ஊகம் கலந்தே தீரும். மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்றோம். பத்து வருடம் என்று கணித்திருந்தால் தேய்மானம் 3,000, இலாபம் 77,000. இது சின்ன வித்தியாசம். பள்ளி தர வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு வராது என்று அக்கா நினைத்தால் 30,000ஐ இப்போதே நட்டமாக ஒதுக்க வேண்டும். அப்போது இலாபம் 44,000. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆகவே '74,000 இலாபம்' என்று யாராவது சொன்னால், எந்தெந்தக் கணிப்பின் மேல் அது நிற்கிறது என்று கேட்கப் பழகுங்கள். நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளில் அந்தக் கணிப்புகள் இருக்கும். நான் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

மொழி என்றால் வட்டார வழக்கும் உண்டு. 1993இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் தன் பங்குகளைப் பட்டியலிட்டது. ஜெர்மன் நிறுவனங்களில் அதுதான் முதலில் அங்கே போனது. போனதால் ஜெர்மன் விதிப்படி ஒன்று, அமெரிக்க விதிப்படி ஒன்று என்று இரண்டு விதமாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக்கு ஜெர்மன் விதிப்படி 61.5 கோடி மார்க் இலாபம். அமெரிக்க விதிப்படி 183.9 கோடி மார்க் நட்டம். அதே தொழிற்சாலைகள், அதே கார்கள், அதே ஆண்டு. நல்ல காலத்தில் ஒதுக்கிவைத்ததை மோசமான காலத்தில் எடுத்து இலாபத்தில் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் விதிகள் தாராளமாக இடம் கொடுத்தன, அமெரிக்க விதிகள் அப்படி விடவில்லை. வித்தியாசத்தின் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட சங்கடங்கள்தான் பல நாடுகளைப் பொதுவான தரநிலைகளை நோக்கித் தள்ளின. இந்தியாவிலும் பெரிய நிறுவனங்கள் 2016 ஏப்ரல் முதல் கட்டம் கட்டமாக, பன்னாட்டுத் தரநிலைகளை ஒட்டிய இந்தியக் கணக்கியல் தரநிலைகளுக்கு மாறின. நீங்கள் மூன்றாம் ஆண்டில் தரநிலைகளைப் படிக்கும்போது எதற்கு இத்தனை விதி என்று சலித்தால், இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த மொழியில் சொல்லே இல்லாத விஷயங்கள். அக்காவிடம் இருக்கும் கட்டர் ஒரு மீட்டர் துணிகூட வீணாக்காமல் வெட்டுபவராக இருக்கலாம். அவர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போகப் போகிறவராகவும் இருக்கலாம். இருப்புநிலைக் குறிப்பில் அவருக்கு வரியே கிடையாது. அக்காவின் உழைப்புக்கும் கிடையாது. அவர் காலை எட்டு மணியிலிருந்து கடையில் நிற்கிறார், சம்பளம் என்று எதுவும் எழுதவில்லை. இதே வேலையை வேறொரு இடத்தில் செய்தால் மாதம் 15,000 கிடைக்கும் என்றால், 74,000 இலாபத்தில் 45,000 உண்மையில் அவருடைய கூலி. தொழில் ஈட்டியது 29,000தான். கணக்கு நோட்டில் இது எங்கும் வராது. வாசிப்பவர் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு இது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து இதைப் போட்டுப் பாருங்கள்.

வகுப்பு முடியும்போது ஒரு கேள்வி கொடுத்து அனுப்புவேன். உங்களுக்கும் அதையே தருகிறேன். ஜூலை 5 அன்று பள்ளி 1,00,000 ரூபாய் கொடுக்கிறது. அக்கா அன்றைக்கே அந்தப் பணத்தைக் கொண்டுபோய்த் துணி வியாபாரியின் பாக்கியை அடைத்துவிடுகிறார். நான்கு பதிவுகளையும் எழுதுங்கள். பணப்பெட்டி ஒரு இலட்சத்தைப் பெற்றது, பிறகு கொடுத்தது. பள்ளி கொடுத்தது. வியாபாரி பெற்றார். பிறகு புதிய இருப்புநிலைக் குறிப்பைப் போடுங்கள். மொத்தம் 5,14,000லிருந்து 4,14,000க்கு இறங்கும். அக்காவின் ஜூலை மாத இலாபம் இதனால் எவ்வளவு கூடியது என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் 1,00,000 என்பார்கள், பாதிப் பேர் 1,00,000 குறைந்தது என்பார்கள். ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அந்த இலாபம் சீருடை கைமாறிய அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. ஜூலை 5 அன்று நடந்தது பழைய பற்று ஒன்றில் ஒரு பகுதியும் பழைய வரவு ஒன்றும் தீர்ந்தது மட்டும்தான்.